உப்பு விளையும் கரையும் நீலக்கல் கடையும்

புத்தளம் மாவட்டக் கரையில் நீலக்கல் விளைவதில்லை. இதை முதலில் சொல்லிவிடுவது நல்லது. கடலையும் டொல்பினையும் கோயிலையும் பார்க்க இந்தப் பக்கம் வருகிறவர்களில் சிலர், ஊர் திரும்பும்போது கையில் ஒரு நீலக்கல்லையும் மனதில் ஒரு சந்தேகத்தையும் கொண்டு போகிறார்கள். அந்தக் கல் அவர்கள் கைக்கு எப்படி வந்தது என்று பின்னோக்கித் தேடினால், விமான நிலைய வாசலில் பேசிய வாடகைக் கட்டணத்தில்தான் கதை தொடங்கியிருக்கும்.

கொச்சிக்கடையில் மகா ஓயாவைத் தாண்டினால் மாவட்டம் ஆரம்பமாகிறது. வென்னப்புவை, மாரவில, சிலாபம், முந்தல், பாலாவி என்று வடக்கே போகும் ஏ3 வீதியின் இருபுறமும் தென்னந்தோட்டம், களப்பு, உப்பளம். பாலாவியில் இடப்பக்கம் திரும்பினால் கற்பிட்டிக் குடாநாடு. அருவக்காட்டில் சீமெந்துக்காக வெட்டி எடுப்பது சுண்ணாம்புக்கல். கடலடியில் சிப்பியும் சங்கும் படிந்து உருவான பாறை அது. நீலக்கல்லோ பூமியின் ஆழத்தில் மிகுந்த வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறிய பாறையில் உண்டாகிறது. அந்தப் பாறை சிதைந்து, ஆறு அடித்துக்கொண்டு வந்து சேர்த்த சரளைப் படிவத்தில்தான் அதைத் தோண்டி எடுக்கிறார்கள். இலங்கையில் இந்தப் படிவத்துக்கு ‘இல்லம்’ என்று பெயர். இரத்தினபுரி, எலஹெர, ஒக்கம்பிட்டிய ஆகியவை அதற்குப் பேர்போன இடங்கள். ஆகவே இந்தக் கரையில் யாராவது ஒருவர் “இது பக்கத்துச் சுரங்கக் கல், சுரங்க விலைக்கே தருகிறோம்” என்று சொன்னால், கல்லைப் பார்க்க முன்பே அந்தப் பேச்சு பொய் என்று தெரிந்துகொள்ளலாம்.

பிறகு ஏன் கல் கடைக்குப் போகிறோம்? நாம் போவதில்லை, நம்மைக் கொண்டுபோகிறார்கள். வாகன ஓட்டுநர், தானாக வந்து சேரும் வழிகாட்டி, கடைக்காரர் என்ற மூவரையும் கொமிஷன் என்ற ஒரே கயிறு கட்டி வைத்திருக்கிறது. ஆளைக் கூட்டிவந்தவருக்கு விற்பனையில் ஒரு பங்கு போகும். 300 டொலருக்கு ஒரு கல் விற்றது என்றும், கூட்டிவந்தவருக்கு அதில் மூன்றில் ஒரு பங்கு என்றும் வைத்துக்கொள்வோம். கடைக்குக் கிடைப்பது 200. கடைக்காரர் தன் இலாபத்தையும் அந்த 200க்குள்தான் பார்க்க வேண்டும் என்றால், கல்லின் உண்மையான விலை அதிலும் குறைவாகவே இருக்க முடியும். பேரம் பேசி 250க்கு இறக்கிவிட்டோம் என்று மகிழ்கிறவர், ஓட்டுநரின் பங்கையும் தன் பையிலிருந்தே கொடுத்திருக்கிறார்.

இந்தக் கயிறு எங்கே கட்டப்படுகிறது என்று பார்க்க, ஒரு பயணத்தைக் கணக்குப் போடலாம். கட்டுநாயக்க விமான நிலையத்திலிருந்து கற்பிட்டி சுமார் 140 கிலோமீற்றர். உங்களை இறக்கிவிட்டு ஓட்டுநர் பெரும்பாலும் வெறும் வாகனத்தோடுதான் திரும்புவார். எனவே அவருக்கு அது 280 கிலோமீற்றர். லீற்றருக்கு 14 கிலோமீற்றர் ஓடும் காரென்றால் 20 லீற்றர் பெற்றோல் வேண்டும். லீற்றர் 300 ரூபா என்று கொண்டால் எரிபொருளுக்கு மட்டும் 6,000 ரூபா. போய்வர ஏழெட்டு மணித்தியாலம் ஆகிவிடும், அதாவது அவருடைய அன்றைய நாள் முழுதும் உங்களுக்கே போய்விடுகிறது. வாகனத்தின் லீசிங் தவணை, டயர், சேர்விஸ், அவருடைய சாப்பாடு எல்லாம் அதற்குமேல். எரிபொருள் செலவின் மூன்று அல்லது நான்கு மடங்கு, அதாவது 18,000 முதல் 24,000 ரூபா வரை, நியாயமான கட்டணம் என்று நான் கொள்வேன். பெற்றோல் விலை மாறும்போது இந்தத் தொகையும் மாறும், ஆனால் கணக்குப் போடும் முறை மாறாது.

ஒருவர் 45,000 கேட்டால் அது மிகை என்று யாருக்கும் புரியும். ஆனால் இன்னொருவர் 9,000க்கு வருகிறேன் என்றால்? பலர் உடனே ஏறிவிடுகிறார்கள். உண்மையில் அந்த 9,000தான் அதிகம் யோசிக்க வேண்டிய தொகை. எரிபொருளுக்கு 6,000 போனால் மிச்சம் 3,000. அதற்காக ஒரு நாளையும் ஒரு வாகனத்தையும் யாரும் தரமாட்டார்கள். மீதியை அவர் வேறெங்கோ எதிர்பார்க்கிறார். “வழியில் ஒரு தேநீர் குடிப்போம் சேர், என் நண்பனுடைய கடை, சும்மா பார்க்கலாம்” என்று நீர்கொழும்பைக் கடக்கும்போது சொல்வது அந்த மீதிக்காகத்தான். கட்டணம் மிகக் குறைந்தால் கடை நிச்சயம் வரும் என்று எதிர்பார்ப்பதே சரி.

கட்டணத்தில் இன்னும் ஒரு சின்ன விஷயம். கட்டுநாயக்க அதிவேகப் பாதை விமான நிலையத்திலிருந்து தெற்கே கொழும்புக்குப் போகிறது. கற்பிட்டி வடக்கே. அந்தப் பயணத்துக்கு ‘ஹைவே காசு’ என்று தனியாகக் கேட்டால், கொடுக்க வேண்டிய காரணம் இல்லை. அதேபோல் பல நாள் சுற்றுக்கு வானை வாடகைக்கு எடுக்கும்போது, ஒரு நாளைக்கு 100 கிலோமீற்றர் என்று எல்லை வைத்துக் கட்டணம் பேசுவது இங்கே வழக்கம். மேலதிகக் கிலோமீற்றருக்கு எவ்வளவு, ஓட்டுநரின் தங்குமிடச் செலவு யாருடையது, காலி வாகனம் திரும்பிப் போகும் தூரமும் கணக்கில் வருமா என்ற மூன்றையும் புறப்பட முன் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பயணத்தின் கடைசி நாளில் வரும் சண்டைகளில் பெரும்பாலானவை இந்த மூன்றிலிருந்துதான் வருகின்றன.

மேல் மாகாணத்தில் மீற்றர் போட்ட ஓட்டோவும், கைப்பேசியில் அழைக்கும் பிக்மீ, ஊபர் வாகனங்களும் பழக்கத்தில் இருக்கின்றன. மகா ஓயாவைத் தாண்டிய பிறகு பேச்சுக் கட்டணம்தான் பெருவழக்கம். அதில் குற்றம் ஒன்றுமில்லை, ஏற முன் முழுதாகப் பேச வேண்டும், அவ்வளவுதான். கற்பிட்டி நகரத்திலிருந்து கண்டக்குளிக் கடற்கரைக்குப் போக வேண்டும் என்றால், “நானா, கண்டக்குளிக்கு மூன்று பேருக்கும் சேர்த்து எவ்வளவு? போக மட்டும்” என்று கேட்டால் போதும். ஆளுக்கா மொத்தத்துக்கா, ஒரு வழியா இரு வழியா என்ற இரண்டு இடைவெளிகளும் அந்த ஒரே கேள்வியில் அடைபட்டுவிடுகின்றன. ஊரில் சராசரி விலை என்ன என்று தெரியாவிட்டால், தங்கியிருக்கும் வீட்டுக்காரரிடமும் பக்கத்துப் பலசரக்குக் கடையிலும் தனித்தனியே கேளுங்கள். இரண்டு பதில்களும் நெருங்கி வந்தால் அதுதான் ஊர் விலை.

பாலாவிச் சந்தியில் இன்னொரு பேச்சு காதில் விழும். “கற்பிட்டிக்குக் கடைசி பஸ் போய்விட்டது.” சில வேளை அது உண்மையாகவும் இருக்கும், அதனால்தான் பயணி தடுமாறுகிறார். ஓட்டோக்காரரிடம் வாதாட வேண்டாம். சந்தியிலுள்ள தேநீர்க் கடைக்குள் போய் ஒரு பிளேன்டீ வாங்கிக்கொண்டு, கடைக்காரரிடம் அடுத்த பஸ் எத்தனை மணிக்கு என்று கேளுங்கள். அந்தப் பதிலில் அவருக்கு இலாபமும் இல்லை, நட்டமும் இல்லை. பகலில் வருகிறவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. கொழும்பிலிருந்து புத்தளத்துக்கு ரயிலும் உண்டு, ஏ3 வீதி வழியே பஸ்ஸும் அடிக்கடி உண்டு. புத்தளத்தில் இறங்கினால் கற்பிட்டி பஸ் கிடைக்கும். இப்படி வந்தால் கயிற்றின் முதல் முடிச்சே விழுவதில்லை.

டொல்பின் படகிலும் அதே கொமிஷன் வேலை செய்கிறது. கற்பிட்டிக் கடலில் கூட்டமாகத் துள்ளும் டொல்பின்களைப் பார்க்கும் காலம் நவம்பர் முதல் ஏப்ரல் வரை. மே மாதத்தோடு தென்மேல் பருவக் காற்று எழுந்து கடல் கொந்தளிக்கும். அது பட்டச் சறுக்கு விளையாடுகிறவர்களுக்கான காலம். ஓகஸ்டில் ஒருவர் “கட்டாயம் காட்டுகிறேன், காட்டாவிட்டால் காசு வேண்டாம்” என்று முற்பணம் கேட்டால், அவர் உறுதியளிப்பது கடலின் கையில் இருக்கும் ஒன்றை. பருவத்திலும்கூட எந்த மீனவரும் டொல்பினுக்கு உத்தரவாதம் தரமாட்டார். கடலை அறிந்தவர் “பெரும்பாலும் பார்க்கலாம்” என்றுதான் சொல்வார். அந்தத் தயக்கமே அவரை நம்புவதற்குக் காரணம். படகுக்கு மொத்த விலையா, ஆளுக்கா என்று கேளுங்கள். உயிர்காப்பு அங்கியைக் கண்ணால் பார்த்துவிட்டு ஏறுங்கள்.

இனி வழிகாட்டி. இலங்கையில் வழிகாட்டி வேலைக்கு உரிமம் உண்டு. 2005ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சுற்றுலாச் சட்டத்தின் கீழ் இயங்கும் இலங்கை சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபை அதை வழங்குகிறது. நாடு முழுவதற்கும் உரியவர், வாகனம் ஓட்டியபடியே வழிகாட்டுகிறவர், ஒரு பிரதேசத்துக்கு மட்டும் உரியவர், ஓர் இடத்துக்கு மட்டும் உரியவர் என்று வகைகள் இருக்கின்றன. உரிமம் பெற்றவரிடம் படம் பதித்த அடையாள அட்டை இருக்கும். “அண்ணன், உங்கள் அட்டையைப் பார்க்கலாமா?” என்று கேட்பது அவமதிப்பு ஆகாது. படித்துப் பரீட்சை எழுதி அதைப் பெற்றவர் மகிழ்ந்தே காட்டுவார். வகையையும் காலாவதித் திகதியையும் பாருங்கள்.

போலி வழிகாட்டி பெரும்பாலும் தன்னை வழிகாட்டி என்று சொல்லிக்கொள்வதே இல்லை. “உங்கள் ஹோட்டல் குசினியில் வேலை செய்கிறேன், என்னைத் தெரியவில்லையா?” என்று தொடங்குவார். தெரியவில்லை என்று சொல்ல நமக்குக் கூச்சம். அந்தக் கூச்சத்தின் மேல்தான் அடுத்த வாக்கியம் வந்து உட்காரும். இன்று கோயிலில் விசேஷம், இன்றுதான் அரசாங்க இரத்தினக்கல் விற்பனையின் கடைசி நாள், வரி இல்லை. கொழும்புக் காலிமுகத்திடல் பக்கத்தில் பல காலமாகக் கேட்கும் இந்தப் பேச்சு நீர்கொழும்பு வரை பரவிக் கிடக்கிறது. ‘கடைசி நாள்’ என்ற சொல்லைக் கேட்டதும் நின்றுவிடுங்கள். அது உங்களுக்கு விசாரிக்க நேரம் தராமலிருக்கவே சொல்லப்படுகிறது. “நல்லது தம்பி, மாலையில் ஹோட்டலில் சந்திப்போம்” என்று சொல்லி நடையைக் கட்டலாம். உண்மையில் அங்கே வேலை செய்கிறவர் என்றால் மாலையிலும் அங்கேதான் இருப்பார்.

கற்பிட்டியிலுள்ள ஒல்லாந்தர் கோட்டை இதற்கு நல்ல உதாரணம். 17ஆம் நூற்றாண்டில் கட்டிய அந்தக் கோட்டை இப்போது கடற்படை முகாமுக்குள் இருக்கிறது. வாசலில் அடையாளத்தைக் காட்டி அனுமதி பெற வேண்டும், உள்ளே கடற்படையினர் ஒருவர் கூடவே வருவார். ஆகவே வெளியில் நின்று “நான் உள்ளே கூட்டிப் போகிறேன், டிக்கெட் எடுத்துத் தருகிறேன்” என்பவரால் ஆகக்கூடியது ஒன்றுமில்லை. எந்த இடத்துக்கும் இதே சோதனை பொருந்தும். அனுமதியைக் கொடுப்பது யார் என்று கண்டுபிடித்து நேரே அவரிடம் போங்கள். வில்பத்து என்றால் வனசீவராசிகள் திணைக்கள அலுவலகம், கோயில் என்றால் அர்ச்சனைச் சீட்டு விற்கும் இடம்.

கோயில் என்றதும் தமிழ்நாட்டிலிருந்து வரும் அன்பர்களை நினைக்காமல் இருக்க முடியவில்லை. இராமாயணத் தலங்களைப் பார்க்கும் சுற்றில் சிலாபத்துக்கு அருகே முன்னேஸ்வரத்தையும் மானாவரியையும் சேர்த்திருப்பார்கள். முதல் நாள் சாமி கும்பிட்டு, மறுநாள் தம்புள்ளை, மாத்தளை வாசனைத் திரவியத் தோட்டம், கண்டியில் கல் கடை என்று வழி நீளும். முகவர் தரும் நிகழ்ச்சி நிரலில் ‘மாணிக்க அருங்காட்சியகம்’ என்று போட்டிருந்தால் பல இடங்களில் அது கடைதான். ஊரிலேயே முகவரிடம் “கடை நிறுத்தம் இல்லாத நிரல் என்றால் விலை எவ்வளவு?” என்று கேட்டுப் பாருங்கள். விலை கூடினால், அந்தக் கூடுதல் தொகைக்குத்தான் உங்கள் நேரத்தைக் கடைகளுக்கு விற்றிருந்தார்கள் என்று தெரிந்துவிடும்.

இத்தனையும் மீறிக் கடைக்குள் போய்விட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். உள்ளே நடப்பதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் தேநீர். பிறகு சுரங்கம் பற்றிய ஒரு சிறு படம், ஒரு மாதிரிச் சுரங்கக் குழி, கல் பட்டை தீட்டும் ஒருவர். அதன் பிறகுதான் கண்ணாடிப் பெட்டிகள் நிறைந்த மண்டபம். அதற்குள் நாம் அவர்கள் தேநீரைக் குடித்து, அவர்கள் நேரத்தையும் எடுத்துவிட்டோம். ஏதாவது வாங்காமல் போவது மரியாதையில்லை என்று மனம் சொல்லத் தொடங்கும். அந்த மனநிலைதான் கடையின் உண்மையான சரக்கு.

அடுத்தது சோதனை. விற்பவர் கல்லால் கண்ணாடியைக் கீறிக் காட்டுவார். கீறல் விழும், கல்லுக்கு ஒன்றும் ஆகாது. வாயால் ஊதுவார், கல்லின் மேல் பட்ட ஆவி உடனே மறையும். ஒரு சிறு மின்கருவியின் முனையைக் கல்லில் வைப்பார், முள் ஏறும். இவை எல்லாம் உண்மையான சோதனைகள், ஏமாற்று வித்தை எதுவுமில்லை. ஆனால் அவை எதை நிரூபிக்கின்றன என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

நீலக்கல் என்பது அலுமினியம் ஒட்சைட்டுப் பளிங்கு. கனிமவியலில் அதற்குக் குருந்தம் என்று பெயர். வைரத்தின் கடினம் 10 என்றால் இதற்கு 9, சாதாரணக் கண்ணாடிக்குச் சுமார் ஐந்தரை. எனவே குருந்தம் கண்ணாடியைக் கீறும். வெப்பத்தைக் கண்ணாடியை விட வேகமாகக் கடத்துவதால் ஆவி சீக்கிரம் மறையும், கருவியின் முள்ளும் ஏறும். ஆக மூன்று சோதனையும் சொல்வது ஒன்றே: இது கண்ணாடி இல்லை, குருந்தமாக இருக்கலாம். ஆனால் குருந்தத்தை ஆலையிலும் செய்யலாம். ஒகுஸ்த் வெர்னுய் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் 1902இல் அந்த முறையை அறிவித்தார். தூளாக்கிய அலுமினியம் ஒட்சைட்டைச் சுவாலையினூடாக உதிர விட்டு, உருகிய துளிகளைத் தண்டாக வளரச் செய்யும் முறை. அப்படி வளர்ந்த கல்லுக்கும் மண்ணில் விளைந்த கல்லுக்கும் வேதிப்பொருள் ஒன்று, கடினம் ஒன்று, வெப்பம் கடத்தும் இயல்பும் ஒன்று. கடைச் சோதனை மூன்றிலும் ஆலைக் கல் முழு மதிப்பெண் வாங்கும். விலை மட்டும் சில டொலர்.

வேறுபாடு கல்லுக்குள்ளே இருக்கிறது. பத்து மடங்கு பெருக்கும் கைவில்லையால் நோக்கினால், சுவாலையில் வளர்ந்த கல்லில் நிறக்கோடுகள் வளைந்து போகும், சிலவற்றில் சிறு வாயுக் குமிழிகள் தெரியும். இயற்கைக் கல்லில் நிறக்கோடுகள் நேராகப் போய்ப் பளிங்கின் கோணத்தில் மடங்கும். பட்டு நூல் போன்ற நுண்ணிய ஊசிகளும் இருக்கலாம். பெரிதாக, ஆழ்ந்த நீலமாக, ஒரு மாசும் இல்லாமல், விலையும் குறைவாக ஒரு கல் இருந்தால் சந்தேகப்பட அதுவே போதும். ஆனால் பழக்கமில்லாத கண்ணுக்கு இந்தக் கோடுகள் எளிதில் பிடிபடா. வேறு முறைகளில் வளர்த்த கற்களில் வளைந்த கோடே இருக்காது. எனவே கைவில்லையை நம்பிப் பெருந்தொகை கொடுக்க வேண்டாம்.

இன்னொரு சிக்கல், கல் இயற்கையானதாக இருந்தும் விலை பொய்யாக இருப்பது. இலங்கையில் ‘கெவுட’ என்று சொல்லும் பால் படிந்த குருந்தம் ஏராளமாகக் கிடைக்கிறது. அதை உலையில் 1,600 பாகை செல்சியஸுக்கு மேல் சூடாக்கினால் மங்கல் நீங்கி நல்ல நீலம் வரும். 1970களில் தாய்லாந்து வியாபாரிகள் இதைக் கண்டு இங்கிருந்து அள்ளிப் போனார்கள். சூடாக்கிய கல்லை விற்பது குற்றமில்லை, உலகச் சந்தையில் பெரும்பகுதி அதுதான். சூடாக்காத கல்லின் விலையை அதற்கு வாங்குவதுதான் குற்றம். இந்த வேறுபாட்டை ஆய்வுகூடம் மட்டுமே சொல்ல முடியும்.

எனவே வாங்க உண்மையாகவே ஆசை இருந்தால், பற்றுச்சீட்டில் எழுதித் தரும்படி கேளுங்கள்: கல்லின் இனம், இயற்கையானதா, சூடாக்கியதா, எடை எத்தனை கரட் (ஒரு கரட் 0.2 கிராம்). கூடவே, கொழும்பிலுள்ள தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகாரசபையின் ஆய்வுகூட அறிக்கை இதற்கு மாறாக வந்தால் பணம் திருப்பித் தரப்படும் என்று ஒரு வரி. நேர்மையான வியாபாரிக்கு இதை எழுதுவது ஒரு நிமிட வேலை. கடை தானே அச்சிட்டுத் தரும் சான்றிதழ் இதற்கு ஈடாகாது. எழுத மறுத்தால், குரலை உயர்த்தாமல் எழுந்துவிடுங்கள்.

எழுவதுதான் பலருக்குக் கடினம். பேரத்தைத் தொடங்காமலிருந்தால் அது எளிதாகும். வேண்டாத பொருளுக்கு “எவ்வளவு குறைப்பீர்கள்?” என்று கேட்டுவிட்டால், அவர் குறைத்த பிறகு மறுக்க வாய் வராது. “உங்கள் ஊரில் இரண்டு மடங்குக்கு விற்கலாம்” என்று சொன்னால், அங்கே யார் வாங்குவார் என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். “தேநீருக்கு நன்றி. நாங்கள் இன்று கல் வாங்கப்போவதில்லை” என்ற அதே வாக்கியத்தை எத்தனை முறை கேட்டாலும் அப்படியே சொல்லுங்கள். காரணம் சொல்லாதீர்கள். காசில்லை என்றால் அட்டை எடுப்போம் என்பார்கள், மனைவியைக் கேட்க வேண்டும் என்றால் தொலைபேசியை நீட்டுவார்கள்.

எல்லாவற்றையும் விடச் சுலபமானது, வாகனத்தில் பெட்டியை ஏற்ற முன் ஓட்டுநரிடம் சொல்லிவிடுவது: “அண்ணன், எந்தக் கடையிலும் நிறுத்த வேண்டாம். அதனால் உங்களுக்கு நட்டம் என்றால், இறங்கும்போது 2,000 ரூபா மேலே தருகிறேன்.” நான் பேசிப் பார்த்த வரையில் ஓட்டுநர்கள் இதை மனதார ஏற்கிறார்கள். கடை வாசலில் காத்து நின்று, விற்குமா விற்காதா என்று தெரியாத கல்லில் பங்கு எதிர்பார்ப்பதைவிட, கையில் உறுதியாக வரும் காசு அவர்களுக்கும் நிம்மதி. முகவர்கள் நாட்கூலியைக் குறைத்து, மிச்சத்தைக் கொமிஷனில் பார்த்துக்கொள் என்று அனுப்பும் ஓட்டுநரைக் கள்வனாகப் பார்ப்பது நியாயமில்லை. அவருக்கு உரியதை நேராகக் கொடுங்கள்.

ஏமாந்துவிட்டதாகத் தோன்றினால் நாடு திரும்பிய பிறகு கடிதம் எழுதலாம் என்று தள்ளிப் போடாதீர்கள். பற்றுச்சீட்டு, வாகன இலக்கம், கடையின் பெயர் மூன்றையும் படம் எடுத்து வைத்துக்கொண்டு, விமானம் ஏற முன்பே முறையிடுங்கள். சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபையின் தொலைபேசி இலக்கம் 1912, பொலிஸ் அவசர இலக்கம் 119.